நிலாப் படத்துக்குக் கீழே எழுதும் இரண்டு வரிகள்

“மொட்டை மாடியிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் நிலா, இரவு வானப் படங்கள் எடுக்கிறேன். கீழே போட எளிமையான, மென்மையான தமிழில் கனவு போன்ற வரிகள் வேண்டும். தேடினால் எல்லாம் ஒரே மாதிரி காதல் வரிகளாகவே கிடைக்கின்றன. போன மாதம் தரங்கம்பாடியில் எடுத்த படத்தில் கடலுக்கு மேல் நிலா, நீரில் நீளமாக வெளிச்சம், மணலில் ஒரு படகு. ‘வானத்து தேவதை மண்ணைத் தேடி வந்தாள்’ என்று எழுதினேன், எனக்கே பிடிக்கவில்லை. எங்கே தவறுகிறது?”

தவறு கற்பனையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே வரி வந்துவிட்டது. அந்த வரியை நீங்கள் எடுத்த படத்திலிருந்து கழற்றி, வேறு யாருடைய நிலாப் படத்துக்குக் கீழே ஒட்டினாலும் அது அப்படியே பொருந்தும். படகு அதில் இல்லை, நீரில் கிடக்கும் வெளிச்சம் இல்லை, தரங்கம்பாடியும் இல்லை. ஒரு வார இதழில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துணையாசிரியராக இருந்தேன். மற்ற வேலைகளோடு, பக்கம் அச்சுக்குப் போகும் கடைசி நிமிடத்தில் படங்களுக்கு இரண்டு வரி எழுதுவதும் என் வேலை. நிலாப் படம் வந்தால் முதலில் கைக்கு வருவது தேவதை, வெண்மதி, என்னவள் ஆகிய மூன்றும்தான் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். அந்த மூன்றும் தாமாக வருவதால்தான் எல்லோருக்கும் வருகின்றன.

உங்கள் படத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் வேலை, நிலாவைச் சற்று நேரம் விரலால் மறைத்துவிட்டு மீதியைப் பார்ப்பது. கையை நீட்டிப் பிடித்தால் உங்கள் சுண்டுவிரல் நகமே வானத்து நிலாவை மறைத்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். அது அவ்வளவு சிறியது, மீதி அத்தனையும்தான் படம். படகு இருக்கிறது. நீங்கள் சொன்னபடி நீரில் ஒரு வெளிச்சக் கோடு இருக்கிறது. அந்தக் கோடு தொடுவானத்தில் தொடங்கி, அலையில் உடைந்து உடைந்து, கரைக்கு வந்து சேர்ந்திருக்கும். படத்தில் ஆள் யாரும் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. இப்போது இதை ஊரில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். “படகு கரையில கிடக்கு, நிலா வெளிச்சம் அது வரைக்கும் வந்திருக்கு” என்பதுபோல ஏதாவது வரும். அழகான வரியாக இல்லாவிட்டாலும் இது இந்தப் படத்துக்கு மட்டுமே உரிய வரி. இதற்கு மேல்தான் வேலை செய்ய முடியும்; தேவதைக்கு மேல் எந்த வேலையும் செய்ய முடியாது.

அடுத்தது, நீங்கள் கேட்கும் ‘கனவு’. கனவுத்தன்மை என்பது என் அனுபவத்தில் ஒரே ஒரு அடி விலகி நிற்பது. உண்மையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்து, ஒரு பொருளுக்கு மட்டும் சின்னதாக ஓர் எண்ணத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளிச்சம் படகு வரை வந்திருக்கிறது என்பது நடந்தது. எதற்காக வந்தது என்று கேட்டால் அது கனவு. “படகை அழைத்துப் போக நிலா கரை வரை வந்திருக்கிறது” என்று எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிதான், ஆனால் காரணத்தை நானே சொல்லிவிட்டேன், படிப்பவருக்கு எதுவும் மிச்சமில்லை. ‘அழைத்துப் போக’ என்பதை எடுத்துவிட்டு, வந்ததையும் அதன் பிறகு நடக்காததையும் மட்டும் சொன்னால் இப்படி ஆகிறது: “கரை வரை வந்தது நிலா. படகு இன்னும் எழவில்லை.” எதற்கு வந்தது என்பதைப் படிப்பவர் தானே நிரப்பிக்கொள்வார். தேவதையும் இல்லை, ‘போல’ என்ற சொல்லும் இல்லை. எழ வேண்டியது ஆள் இல்லை, படகு. அந்த ஒரு இடத்தில்தான் வரி நிலத்தை விட்டு எழும்புகிறது. இன்னும் ஓர் எண்ணத்தைச் சேர்த்து, “கடல் தாலாட்டு பாட, படகு இன்னும் எழவில்லை” என்று போனால் அதே வரி சறுக்கிவிடும். இரண்டாவது விலகல் வந்ததும் படிப்பவர் படத்தை விட்டுவிட்டு எழுதியவரைப் பார்க்கத் தொடங்குகிறார்.

இதே படத்தில் இன்னொரு வரிக்கும் இடம் இருக்கிறது. அது ஓர் உண்மையிலிருந்து வருகிறது. நீரில் தெரியும் அந்த வெளிச்சப் பாதை கடலில் ஓர் இடத்தில் நிலையாகக் கிடப்பதில்லை. ஆயிரம் அலைச்சரிவுகளில் எவை எவை உங்கள் கண்ணுக்கு நேராக ஒளியைத் திருப்புகின்றனவோ அவை மட்டும் சேர்ந்துதான் பாதையாகத் தெரிகின்றன. நூறு அடி தள்ளி நிற்பவருக்கு அவருடைய பாதை வேறு. நீங்கள் கரையோரமாக நடந்தால் பாதையும் கூடவே நடக்கும். ஆகையால், “எங்கே நின்றாலும் என் காலடிக்கே வருகிறது இந்த வழி” என்று எழுதினால் அது கற்பனை மாதிரித் தோன்றும், ஆனால் எழுத்துக்கு எழுத்து உண்மை. நிலாப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இந்த மாதிரி வரிகளே. கனவு என்று நினைத்துப் படித்தவர் பிறகு ஒருநாள் கடற்கரையில் நடந்து பார்த்துத் திடுக்கிட வேண்டும்.

இனி மென்மை. இதில் பாதி இலக்கணம், பாதி என் காது. இலக்கணப் பகுதியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீங்களே சோதித்துப் பார்க்க முடியும். தமிழ் மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பள்ளியில் பிரித்துச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கும். நிலா, வானம், அலை, மணல், இலை, நிழல், மழை, மெல்ல, இரவு, வழி, ஒளி ஆகிய சொற்களைச் சொல்லிப் பாருங்கள். எதிலும் வல்லினம் இல்லை. இரவைப் பற்றிய அன்றாடச் சொற்களில் பெரும்பகுதி ஏற்கெனவே மென்மையாக இருப்பது நமக்குக் கிடைத்த வரம். சந்திரப்பிரகாசம், நட்சத்திரக் கூட்டம் என்று போகும்போதுதான் நாக்கு முட்டிக்கொள்கிறது. அதற்காக வல்லினத்தையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உயிருக்கு நடுவே தனியாக வரும் வல்லினம் பேச்சில் தளர்ந்துதான் ஒலிக்கிறது. ‘கடல்’ என்பதில் இருக்கும் டகரத்தையும் ‘கட்டில்’ என்பதில் இருக்கும் டகரத்தையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கனம் கூடுவது இரட்டிக்கும்போதுதான். ஆகவே ஒரு வரியை எழுதியதும் அதில் எத்தனை க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற இருக்கின்றன என்று எண்ணுவேன். “நிலவைப் பார்த்துக் கொண்டிருக்கத் தோன்றுகிறது” என்பதில் அடிக்கொரு முட்டு. “நிலா கரை வரை வந்தது” என்பதில் ஒன்றும் இல்லை. “படகு இன்னும் விழிக்கவில்லை” என்று முதலில் தோன்றியதை ‘எழவில்லை’ என்று மாற்றியதற்கும் அந்த ஒரு ‘க்க’தான் காரணம்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு சிலர் ஒரு தவறு செய்கிறார்கள்: வரி மென்மையாக வேண்டும் என்று ஒற்றையே விட்டுவிடுகிறார்கள். உங்கள் ‘வானத்து தேவதை’ அப்படிப்பட்டது. அது ‘வானத்துத் தேவதை’ என்றுதான் இருக்க வேண்டும். நிலாச்சோறு, நிலாப்பாதை, நிலாக்காலம் எல்லாம் ஒற்று மிகுந்தே வரும். ஒற்றைத் தவிர்க்க வேண்டுமென்றால் பிழை செய்யாமல் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது: அடுத்த சொல்லை வல்லினத்தில் தொடங்காத சொல்லாகத் தேர்ந்தெடுக்கலாம். நிலாப்பாதை என்பதற்குப் பதிலாக நிலா வழி. நிலாக்கதிர் என்பதற்குப் பதிலாக நிலா வெளிச்சம். இலக்கணமும் கெடாது, நாக்கும் முட்டாது.

ஆனால் இந்த எண்ணிக்கையை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முத்தம், பட்டு, குட்டி ஆகியவற்றில் வல்லினம் இரட்டித்து நிற்கிறது, ஆனாலும் அவற்றைவிட இதமான சொற்கள் அதிகம் இல்லை. மரணம் என்ற சொல்லில் ஒரு வல்லினமும் இல்லை. பொருளின் மென்மை ஒலியின் மென்மையை எளிதாக மீறிவிடும். ஆகவே ஒலியை எண்ணுவது கடைசியில் ஒருமுறை சீவிவிடுவதற்கு மட்டுமே. எது இதமாக விழுகிறது என்பதிலும் ஊருக்கு ஊர் காது வேறு. என் காது காவிரிப் பக்கத்துக் காது.

சொல் தேர்வில் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லுக்கு அதிக நேரம் கொடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. நிலாவுக்கு மதி, திங்கள், அம்புலி, சந்திரன் என்று பெயர் மாற்றி மாற்றிப் போடுவதால் வரி புதிதாகிவிடாது. திங்கள் என்றால் இன்று பலருக்குக் கிழமை முந்திக்கொள்கிறது; மதி என்றால் அறிவு; சந்திரன் என்றால் பஞ்சாங்கம். அம்புலி குழந்தைக்குக் காட்டும் நிலா. கைக்குழந்தை இருக்கும் படத்தில் அது மிக அழகாக இருக்கும், மலையுச்சிப் படத்தில் பொருந்தாது. பேச்சில் இருப்பது நிலா, எழுத்தில் சற்று நிமிர்ந்து நிற்பது நிலவு. இந்த இரண்டே உங்களுக்குப் போதும். நிலவு என்பதில் ஒரு சிறு பொறி இருக்கிறது. ‘அமைதி நிலவுகிறது’ என்னும்போது அது வினை. அதனால் “நிலவும் அமைதி” என்று எழுதினால், நிலாவும் அமைதியும் என்று நீங்கள் நினைத்தது, செய்தித்தாளில் வரும் ‘பரபரப்புக்குப் பிறகு நிலவும் அமைதி’யாகப் படிக்கப்படலாம். வேண்டுமென்றே செய்தால் நல்ல சிலேடை, தெரியாமல் செய்தால் காவல்துறை அறிக்கை.

வினைச்சொற்களில் நம்மிடம் இருப்பது பெரிய சொத்து, அதைத்தான் யாரும் தொடுவதில்லை. வெயில் காய்கிறது என்பதைப் போலவே நிலாவும் காய்கிறது என்பது நம் பழைய வழக்கு. யாருக்கும் பயன்படாமல் போனதைக் காட்டில் காய்ந்த நிலா என்று பெரியவர்கள் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தார் நிலவு எறிக்கிறது என்பார்கள். பொழிகிறது, சொரிகிறது, படர்கிறது என்று இன்னும் இருக்கின்றன. நிலா கிளம்பும், ஏறும், உச்சிக்கு வரும், சாயும், இறங்கும். மின்னுகிறது, ஜொலிக்கிறது, சிரிக்கிறது என்ற மூன்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதால்தான் வரிகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. ஒருமுறை மொட்டை மாடிக் கொடியில் புடவைகள் தொங்கும் இரவுப் படம் ஒன்று என் மேசைக்கு வந்தது. அரை மணி நேரம் எதுவும் வரவில்லை. பிறகு, “துவைத்த புடவை காய்ந்துவிட்டது. நிலா இன்னும் காய்கிறது” என்று எழுதினேன். அதில் என் கற்பனை என்று எதுவுமே இல்லை. ஒரே வினைக்கு மொழி இரண்டு பொருள் வைத்திருந்தது, இரண்டையும் பக்கத்தில் உட்காரவைத்தேன், அவ்வளவுதான்.

அடுத்து சொல்லப்போவதைக் கேப்ஷன் எழுதுபவர்கள் பொருட்படுத்துவதில்லை, ஆனால் ஒரு வரியை முழுவதுமாகக் கவிழ்க்கக்கூடியது இதுதான்: நிலா அன்று எந்த நிலையில் இருந்தது என்பது. ஒரு முறை கிழக்குக் கடலில் எழும் பெரிய நிலாவின் படத்துக்கு நான் பௌர்ணமி என்று எழுதிவிட்டேன். ஒரு வாரத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது. “மேல் விளிம்பு தேய்ந்திருக்கிறது, வானமும் கறுத்துவிட்டது, பௌர்ணமி போய் இரண்டு நாள் ஆகியிருக்க வேண்டும்” என்று ஒரு வாசகர், திட்டாமல், கணக்கு நோட்டைத் திருத்துவதுபோல எழுதியிருந்தார். படம் எடுத்தவரிடம் கேட்டதில் அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து நான் பார்க்கும் அடையாளங்கள் இவை. பௌர்ணமி அன்று சூரியன் மேற்கே விழும் நேரத்தை ஒட்டியே நிலா கிழக்கே எழுகிறது. ஆகவே வானத்தில் ஊதாவும் இளஞ்சிவப்பும் மிச்சமிருக்கும்போதே அது தொடுவானத்துக்கு அருகில் இருக்கும். அதன் பிறகு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாகிக்கொண்டே போகும். நம் பக்கத்து வானத்தில், கிழக்கே இப்போதுதான் எழுந்த நிலாவின் மேல் விளிம்பு தேய்ந்திருந்தால் பௌர்ணமி கடந்துவிட்டது. கீழ்ப்பக்கம் நிறையாமல் இருந்தால் இன்னும் வரவில்லை. இதில் ஒரு சிக்கல்: கைபேசியில் எடுத்தால் நிலா அளவுக்கு மீறி வெளுத்து, பௌர்ணமியை ஒட்டிய எந்தத் திதியானாலும் பெரும்பாலும் வெள்ளை வட்டமாகவே விழும். அதனால் படத்தை நம்பாதீர்கள். எடுத்த தேதியை வைத்து நாட்காட்டியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ‘பௌர்ணமி’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘நிலா’ என்று மட்டும் எழுதினால் யாரும் அஞ்சலட்டை போட முடியாது.

பிறை இன்னும் நுட்பமானது. மாலையில் மேற்கே தெரிவது வளர்பிறை. விடியலுக்கு முன் கிழக்கே தெரிவது தேய்பிறை. மாலைப் பிறைக்குக் கீழே “விடியலின் புன்னகை” என்று எழுதினால் வானம் பார்ப்பவர்களுக்கு உறுத்தும். பிறையின் இரு முனைகளுக்கு நடுவே நட்சத்திரம் ஒன்றை ஒட்டிவைத்த படங்களும் உலவுகின்றன. அங்கே இருட்டாகத் தெரிவதும் நிலாவின் உடம்புதான், அதற்குள் நட்சத்திரம் தெரிய வழியில்லை. அந்தப் படத்துக்கு எவ்வளவு நல்ல வரி எழுதினாலும் வீண்.

ஆனால் நம் ஊர்ப் பிறைக்கு ஒரு சிறப்பு உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு மாலைப் பிறை நிமிர்ந்து நிற்பதில்லை, பெரும்பாலும் மல்லாந்து கிடக்கிறது. மாசி, பங்குனி மாலைகளில் ஏறக்குறைய ஒரு தோணியாகவே தெரியும்; புரட்டாசிப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். குளிர்நாட்டுப் படங்களில் வரும் அரிவாள் பிறை நம்முடையது அன்று. ஆகவே பிறையைத் தோணி என்பது இங்கே உவமைகூட இல்லை, பார்த்ததைச் சொல்வதுதான். மூன்றாம் பிறைப் படம் ஒன்று இருந்தால் நான், “மேற்கே ஒரு தோணி. ஏற ஆளில்லை” என்று எழுதுவேன். இன்னொன்றையும் கவனியுங்கள். மெல்லிய பிறையோடு மீதி வட்டமும் சாம்பலாக மங்கித் தெரியும் நாட்கள் உண்டு. அந்த மங்கல் வெளிச்சம் சூரியனிடமிருந்து நேராகப் போனதில்லை; பூமியில் பட்டுத் திரும்பி நிலாவின் இருட்டுப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி நம் கண்ணுக்கு வருவது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, “மீதி நிலாவில் தெரிவது நம் ஊர் வெளிச்சம்” என்ற வரி தானாக வருகிறது. உவமை தேடி அலைந்து இதைவிட நல்ல கனவை நான் கண்டதில்லை.

நட்சத்திரப் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால்வழி நன்றாக விழுந்த படம் என்றால் அன்று நிலா இல்லை என்று பொருள். முழுநிலா இருக்கும் வானத்தில் பால்வழி கரைந்துபோகும். வானாய்வகம் இருக்கும் காவலூரை ஒட்டிய ஜவ்வாது மலைப் பக்கம் அமாவாசை இரவுகளில் படமெடுக்க ஆட்கள் போவது இதனால்தான். அந்தப் படத்துக்கு “நிலவொளியில் நனையும் பால்வழி” என்று எழுதக் கூடாது. நிலா இல்லாததையே வரியாக்கலாம்: “நிலா வராத இரவு. வானம் நிறைய ஆட்கள்.” அதேபோல மாலையில் தனியாக மிகவும் ஒளிரும் ஒன்றைப் படமெடுத்துவிட்டு, “கண் சிமிட்டும் நட்சத்திரம்” என்று எழுதுவதற்கு முன் அது வெள்ளிக் கோளாக இருக்குமா என்று பாருங்கள், கோள்கள் நட்சத்திரங்களைப் போலச் சிமிட்டுவதில்லை. அதற்கு ‘வெள்ளி’ என்றே பெயர் இருக்கிறது. ‘வெள்ளி முளைத்தது’ என்று கிராமத்தில் சொல்லும் அந்த ‘முளைத்தது’ வேறு எந்த அலங்காரத்தையும்விடப் புதிதாக இருக்கிறது. நட்சத்திரமா விண்மீனா என்று கேட்டால் என்னிடம் முடிவான விடை இல்லை. விண்மீன் ஒலியில் மென்மையானது, நட்சத்திரம் வாயில் புழங்குவது. பேச்சு நடையில் எழுதும் வரியில் விண்மீன் வந்தால் பள்ளிப் பாடநூல் வாசனை அடிக்கிறது. வரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எழுத்துப்பிழைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் பிழை வெறும் பிழையாக நிற்காமல் பொருளையே மாற்றிவிடுகிறது. கைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குபவர்களுக்கு இது அதிகம் நேர்கிறது. நிலவொளி என்பது நிலவொலி ஆனால் நிலா சத்தம் போடுகிறது. வானம் வாணம் ஆனால் அது திருவிழாவில் கொளுத்தும் வாணம். “இரவு வாணத்தில் நிலா” என்று படித்துவிட்டு நான் உண்மையிலேயே படத்தில் வெடி தேடியிருக்கிறேன். வெண்ணிலா வென்னிலா ஆகும்போது ஐஸ்கிரீம் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. இரண்டே வரியில் எழுதும்போது ஒரு எழுத்து முழு வரியின் எடையையும் தாங்குகிறது. பதிவிடுவதற்கு முன் ல, ள, ழ, ன, ண, ந வரும் சொற்களை மட்டும் ஒருமுறை நிறுத்திப் படித்தால் போதும். பிழைகளில் பெரும்பகுதி அந்த ஆறு எழுத்துகளில்தான் ஒளிந்திருக்கும்.

நீளத்தைப் பொறுத்தவரை, கைபேசித் திரையில் முதல் ஓரிரு வரி மட்டுமே தெரிந்து மீதி ‘மேலும்’ என்பதற்குள் போய்விடும் என்பதால், ஏழெட்டுச் சொற்களுக்குள் முடிப்பது வசதி. வரியின் முடிவில் மூன்று புள்ளி வைக்கும் பழக்கத்தை விட்டுப் பாருங்கள். வரியில் சொல்ல முடியாத ஏக்கத்தைப் புள்ளி சொல்லிவிடும் என்ற நம்பிக்கையில் அதை வைக்கிறோம். முற்றுப்புள்ளி வைத்தால்தான் வரி நிற்கிறதா இல்லையா என்று தெரியும். வினையில் முடிப்பதா பெயரில் முடிப்பதா என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. “கரை வரை வந்த நிலா” என்று பெயரில் முடித்தால் அது படத்துக்கு வைத்த தலைப்பு மாதிரி அசையாமல் நிற்கிறது. “கரை வரை வந்தது நிலா” என்றால் ஏதோ நடக்கிறது, அடுத்து என்ன என்று இரண்டாவது வரிக்கு இடம் கிடைக்கிறது. இது ருசி சார்ந்தது. பெயரில் முடித்த மிக நல்ல வரிகளும் உண்டு.

உங்கள் தரங்கம்பாடிப் படத்துக்கு மேலே சொன்ன இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை: படகு தண்ணீரிலோ, கயிறு கட்டி மிதந்துகொண்டோ இருந்தால் “எழவில்லை” என்ற வரி பொருந்தாது. படத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் மணலில் என்று சொன்னதை நம்பி எழுதினேன். வெளிச்சக் கோடு படகைத் தொடாமல் பக்கவாட்டில் வந்து முடிந்திருந்தால் இரண்டாவது வரியையே போடுங்கள். அது உங்கள் காலடிக்கு வந்ததைப் பற்றியது, படகு எங்கே கிடந்தாலும் அது மாறாது.